முகவரிச் சான்றாகக் கரண்ட் பில்: தேதி, பெயர், முகவரி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கணக்குக்கான கே.ஒய்.சி. படிவத்தோடு முகவரிச் சான்றாக இணைக்கப்படும் பில்லைப் பற்றிய பக்கம் இது. தமிழ்நாட்டு மின்கட்டண பில்லை முன்வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கெடுப்பதும், பெயரோடு இனிஷியல் மட்டும் போட்டுக்கொள்வதும் நம் வழக்கம் என்பதால், வேறு மாநிலங்களில் இவ்வளவாக வராத சிக்கல்கள் இங்கே வருகின்றன. பதில்கள் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து படிவங்களைச் சரிபார்ப்பவனின் பார்வையில் அமைந்தவை.

என்னிடம்தான் ஆதார் இருக்கிறதே, பில் எதற்கு?

ஆதாரில் அச்சாகியிருக்கும் முகவரியிலேயே இப்போதும் குடியிருந்தால் பில் தேவையில்லை. யாராவது கேட்டால், ஏன் என்று தாராளமாகத் திருப்பிக் கேட்கலாம்.

ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. நெறிமுறைகளில் ஆறு ஆவணங்கள்தான் முழுமையான சான்றுகள்: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, மாநில அரசு அதிகாரி கையெழுத்திட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இவற்றில் ஒன்று யார் என்பதையும் எங்கே வசிக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். நீங்கள் கொடுக்கும் ஆவணத்தில் இப்போதைய முகவரி இல்லாவிட்டால் மட்டும், முகவரி என்ற ஒரே நோக்கத்துக்காக, பில்லும் சான்றாகக் கருதப்படும். அதாவது இந்த ஆறில் ஒன்றோடு சேர்ந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு. பில்லை மட்டும் நீட்டிக் கணக்குத் தொடங்க முடியாது.

கைரேகையோ ஓ.டி.பி.யோ கொடுத்து ஆதார் இ-கே.ஒய்.சி. செய்பவர்களுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. ஆதாரில் இருப்பது பழைய முகவரி என்றால், இப்போதைய முகவரியைத் தாங்களே எழுதி உறுதிமொழியாகத் தரலாம். பல கிளைகளில் இதை யாரும் தாமாக எடுத்துச் சொல்வதில்லை.

எந்தெந்த பில்லை ஏற்பார்கள்?

மின்சாரம், தொலைபேசி, போஸ்ட்பெய்டு கைபேசி, குழாய்வழி எரிவாயு, குடிநீர். சமையல் எரிவாயு சிலிண்டர் ரசீது, ப்ரீபெய்டு ரீசார்ஜ், டி.டி.எச்., கிரெடிட் கார்டு அறிக்கை ஆகியவை இந்தப் பட்டியலில் இல்லை. சொத்து வரி ரசீது பட்டியலில் தனி இனமாக இருக்கிறது. பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்ற வரம்பை ரிசர்வ் வங்கி அதற்கு விதிக்கவில்லை என்பதைச் சொந்த வீட்டுக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது" என்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும்?

பில்லின் தேதியிலிருந்து எண்ண வேண்டும். பில்லில் குறைந்தது மூன்று தேதிகள் கண்ணில் படும்: முந்தைய கணக்கெடுப்பின் தேதி, இந்தக் கணக்கெடுப்பின் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி. தமிழ்நாட்டு மின்பில்லில் நடுவில் இருப்பதுதான் பில்லின் பிறந்தநாள். கடைசித் தேதி பிந்தி வருவதால், அதிலிருந்து எண்ணினால் இன்னும் நாள் இருப்பதுபோலத் தோன்றும். திரும்பி வரும் படிவங்களில் இந்தத் தவறு சகஜம்.

முடிவுத் தேதிதான் இன்னும் வம்பானது. மார்ச் 12 தேதியிட்ட பில்லுக்கு நாட்காட்டிப்படி இரண்டு மாதம் மே 12-இல் முடிகிறது. அதையே அறுபது நாள் என்று எண்ணும் வங்கியில் மே 11-இலேயே முடிந்துவிடும். பிப்ரவரி குறுக்கே வந்தால் இந்தக் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். அந்த ஒரு நாளுக்காகக் கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. விளிம்பு வரைக்கும் போகாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கிளையில் கொடுத்த அன்றே படிவத்தின் பயணம் முடிந்துவிடுவதில்லை. பல வங்கிகளில் அது ஸ்கேன் செய்யப்பட்டு, கணக்குத் தொடங்கும் மையப் பிரிவுக்குப் போகும். அங்கே ஒரு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால், நீங்கள் மறுபடி கொடுக்கும் நாளில் பில்லின் வயதும் மறுபடி எண்ணப்படலாம். ஆகவே கணக்கெடுத்த முதல் மாதத்துக்குள் பில்லைப் பயன்படுத்திவிடுங்கள் என்பதே என் யோசனை.

மாதாமாதம் பில் வரும் ஊர்களில் கையில் எப்போதும் ஒரு புதிய பில் இருக்கும். இங்கே பழைய பில் காலாவதியாகும் சமயத்தில்தான் அடுத்தது வருகிறது. கணக்கெடுப்பவர் நாலு நாள் தாமதித்தாலோ, வீடு பூட்டியிருந்து திரும்பிப் போனாலோ, இடையில் செல்லுபடியாகும் பில்லே இல்லாத ஓர் இடைவெளி விழுந்துவிடும். போஸ்ட்பெய்டு கைபேசி பில்லோ குடிநீர் பில்லோ உங்கள் பெயரில் இருந்தால் அப்போது கைகொடுக்கும்.

பணம் கட்டியது போன வாரம்தான். அந்த ரசீதைக் காட்டினால் போதாதா?

போதாது. பணம் கட்டிய நாள் பில்லை இளமையாக்காது. மேலும் இணையத்தில் கட்டிய ரசீதில் இணைப்பு எண்ணும் தொகையும் இருந்தாலும், முகவரி பெரும்பாலும் இருக்காது. பணப் பரிமாற்றச் செயலியின் ஸ்கிரீன் ஷாட்டுக்கும் இதே கதிதான்.

இதற்கு நேர் எதிரான சந்தேகமும் வருகிறது. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், சிறிய குடும்பங்களில் கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாக வருவதுண்டு. கட்டவே இல்லையே, பில் செல்லுமா என்று கேட்கிறார்கள். செல்லும். தொகை எவ்வளவு என்பதும், கட்டியாயிற்றா என்பதும் முகவரிச் சான்றுக்குச் சம்பந்தமில்லாதவை.

கணக்கெடுப்பவர் கையால் எழுதிவிட்டுப் போகும் மீட்டர் அட்டையை பில்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைக் கொண்டு பில்லைப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பில்லில் இனிஷியல் மட்டும் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. ஒரே பெயராக எடுத்துக்கொள்வார்களா?

பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் இனிஷியல் பொருந்த வேண்டும். ஆதாரில் "முருகன் கந்தசாமி", பில்லில் "கே.முருகன்" அல்லது "முருகன் கே" என்றால் கே என்பது கந்தசாமிக்கு உரியது என்று உள்ளூர் ஊழியருக்கு உடனே புரிந்துவிடும். பெயருக்கு முன்னால் திரு, திருமதி ஒட்டியிருப்பதையும், நீளமான பெயர் இடமில்லாமல் கடைசியில் வெட்டுப்பட்டிருப்பதையும் யாரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு "எச்" கூடுவதும் குறைவதும் அப்படித்தான்.

சிக்கல் மூன்று இடங்களில் வரும். முதலாவது, இனிஷியலே வேறாக இருப்பது. ஆதாரில் தந்தை பெயருக்குரிய கே, பில்லில் ஊரையும் சேர்த்து டி.கே. என்றால், ஊரின் முதல் எழுத்து என்று உங்களுக்குத் தெரியும். வெளிமாநிலத்தில் இருக்கும் மையப் பிரிவுக்குத் தெரியாது. இரண்டாவது, இனிஷியலே இல்லாமல் வெறும் "முருகன்" என்று இருப்பது. அது எந்த முருகனாகவும் இருக்கலாம். மூன்றாவது, வீட்டில் கூப்பிடும் பெயரில் இணைப்பு வாங்கியிருப்பது. ஆதாரில் இருக்கும் சுப்புலட்சுமியும் பில்லில் இருக்கும் ராஜியும் ஒருவரே என்பதைச் சட்டப்படி நிறுவும் வேலை உங்களுடையது. முதலிரண்டுக்கும் "இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன" என்ற உறுதிமொழிக் கடிதத்தைப் பல கிளைகள் வாங்கிக்கொள்கின்றன. மூன்றாவதற்கு அது எடுபடுவது கடினம். மின்வாரியத்தில் பெயரைத் திருத்திக்கொள்வதுதான் வழி.

எப்படியிருந்தாலும், பில்லோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் படிவத்தில் பெயரை மாற்றி எழுதாதீர்கள். படிவத்தில் பெயர் ஆதாரைப்போலவும் பான் அட்டையைப்போலவும் இருக்கட்டும். பில்லில் வேறுபாடு இருந்தால் விளக்கிவிடலாம். படிவத்திலேயே ஒரு புதுப் பெயர் முளைத்தால், அது பிறகு காசோலைப் புத்தகம் வரைக்கும் தொடரும்.

பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. நான் வாடகைக்கு இருக்கிறேன்.

அந்த பில் உங்கள் சான்று ஆகாது. அது சொல்வதெல்லாம், அந்த முகவரியில் அவர் பெயரில் ஓர் இணைப்பு இருக்கிறது என்பதுதான். வாடகை ஒப்பந்தத்தைச் சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருப்பது, அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகள், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் போன்ற வேலைதருநர்கள் தம் ஊழியருக்கு வீடு ஒதுக்கும் கடிதமும் அதையொட்டிய ஒப்பந்தமும் மட்டுமே. தனியாருக்கு இடையிலான வாடகை ஒப்பந்தம் அதில் இல்லை.

வாடகைக்காரருக்கு எளிதான வழி போஸ்ட்பெய்டு கைபேசி பில்தான். நிறுவனத்திடம் முகவரியை மாற்றச் சொல்லிவிட்டு, புதிய முகவரியோடு வரும் அடுத்த மாத பில்லைக் கொண்டுவாருங்கள். அதுவும் இல்லையென்றால், முதல் கேள்வியில் சொன்ன இ-கே.ஒய்.சி. உறுதிமொழி வழி இருக்கிறது.

பில் கணவர் பெயரில். நாங்கள் ஒரே வீட்டில்தானே இருக்கிறோம்?

ஒரே வீடு என்பது உண்மைதான். பில் அவருடையது என்பதும் உண்மைதான். நெருங்கிய உறவினரின் சான்றை உறுதிமொழியோடு ஏற்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. இப்போது வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது, கேட்டுவிட்டுப் போங்கள். இதற்காக மின் இணைப்பைப் பெயர் மாற்றவெல்லாம் வேண்டாம். குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு, அவர் ஆதாரில் உள்ள முகவரியையே உங்கள் ஆதாரில் சேர்த்துக்கொள்ளும் வசதி 2023 முதல் இணையத்திலேயே கிடைக்கிறது. கணவரின் ஆதாரில் புதிய முகவரி ஏறியிருந்தால் இதுதான் சுருக்கமான பாதை.

அப்பா காலமாகி, இணைப்பு இன்னும் அவர் பெயரிலேயே ஓடும் வீடுகள் ஏராளம். அவற்றுக்கு வாரிசுச் சான்றிதழ் கொடுத்துப் பெயர் மாற்றம் செய்வது, வங்கிக்காக இல்லாவிட்டாலும், என்றோ ஒருநாள் செய்தே தீரவேண்டிய வேலை.

திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிவிட்டது. ஆதாரில் பழைய பெயர், பில்லில் புதிய பெயர்.

மாநில அரசு வழங்கிய திருமணப் பதிவுச் சான்றிதழோ, பெயர் மாற்றத்தைக் காட்டும் அரசிதழ் அறிவிப்போ இருந்தால் பழைய பெயரில் உள்ள ஆவணத்தையும் ஏற்க வேண்டும் என்று நெறிமுறையே சொல்கிறது. கல்யாணப் பத்திரிகையும் மண்டபத்து ரசீதும் செல்லாது. அவற்றையும் கொண்டுவருகிறார்கள்.

பழைய கதவு எண், புதிய கதவு எண், மனை எண் என்று குழப்பமாக இருக்கிறது. படிவத்தில் எதை எழுத வேண்டும்?

பில்லைப் பார்த்து எழுதுங்கள், அதன் வரிசையிலேயே. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு முன்னால் பில்லும் படிவமும்தான் இருக்கும். உங்கள் தெரு இருக்காது. சென்னையில் பல தெருக்களில் வீட்டுக்கு இரண்டு எண்கள். பில்லில் பழைய எண் மட்டும் இருந்தால், படிவத்தில் "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டையும் எழுதலாம். கூடுதலாக எழுதுவது தவறில்லை. பில்லில் உள்ளதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுவதுதான் தவறு.

மாவட்டத்தில் கவனம் வேண்டும். 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு பிரிந்தது. அதே ஆண்டில் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் பிரிந்தன. பழைய ஆவணங்களில் பழைய மாவட்டமே இருக்கும். படிவத்தில் இப்போதைய மாவட்டத்தை எழுதுங்கள். கிளை ஊழியருக்கு இந்தப் பிரிவினை தெரியும். மையப் பிரிவுக்காகப் பழைய மாவட்டத்தை அடைப்புக்குறிக்குள் குறித்துவைத்தால் ஒரு கேள்வி மிச்சம்.

மின்பில்லில் முகவரி என்று தெருப் பெயரும் பகுதியும் மட்டுமே இருப்பதும், அஞ்சல் குறியீட்டு எண் இல்லாமல் போவதும் உண்டு. குறியீட்டு எண்ணை நீங்களே நிரப்பலாம். ஆனால் கதவு எண்ணே இல்லாத பில்லை வைத்துக்கொண்டு ஒரு வீட்டை நிரூபிக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் ஒரே முகவரி அச்சாகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அங்கே சொத்து வரி ரசீதே மேல்.

எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். ஆனாலும் படிவம் திரும்பிவந்துவிட்டதே, எப்படி?

வழக்கமாக நடப்பதை ஒரு கற்பனைப் படிவத்தை வைத்துக் காட்டுகிறேன். கும்பகோணத்திலிருந்து சேலையூருக்குக் குடிவந்த கவிதா, அங்கே தன் பெயரில் ஒரு வீடு வாங்கியிருக்கிறார். ஆதாரில் "கவிதா ராமசாமி", கும்பகோணம் முகவரி. பில்லில் "கவிதா ஆர்", மனை எண் 14, வீட்டு எண் எஃப்2. பில் தேதி மார்ச் 12, கட்டக் கடைசி நாள் ஏப்ரல் 1. ஏப்ரல் 1-லிருந்து எண்ணி, ஜூன் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்து, மே 5-ஆம் தேதி படிவத்தைக் கொடுக்கிறார்.

அன்றைக்கு பில் செல்லும். ஐம்பத்து நான்கு நாள்தான் ஆகிறது. பெயரும் பொருந்துகிறது. ஆனால் படிவத்தில் அவர் எழுதியிருப்பது "எண் 14". எஃப்2 இல்லை, மனை என்ற சொல்லும் இல்லை. மனை எண்ணும் கதவு எண்ணும் வெவ்வேறாக இருக்கக்கூடியவை என்பதால், மையப் பிரிவு "முகவரி பொருந்தவில்லை" என்று குறித்து மே 9-இல் திருப்பி அனுப்புகிறது. கவிதா திருத்தி, மே 14 அன்று அதே பில்லோடு மறுபடி கொடுக்கிறார். இப்போது முகவரி சரி, பில் காலாவதி. படிவம் இரண்டாம் முறையும் திரும்புகிறது, இந்தத் தடவை வேறு காரணத்துக்காக.

வங்கி அலைக்கழிக்கிறது என்று அவருக்குக் கோபம் வருவது இயற்கை. வழி எளிது: மே மாதக் கணக்கெடுப்பு முடிந்தவுடன் புதிய பில்லைப் பதிவிறக்கி இணைத்துவிடலாம். கணக்கெடுப்பு தள்ளிப்போனால் சொத்து வரி ரசீது இருக்கிறது. வீடு அவர் பெயரில்தானே.

இணையத்தில் எடுத்த பிரிண்ட் அவுட்டை நம்புவார்களா?

வெறும் பிரிண்ட் அவுட்டை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது எங்களுக்கும் தெரியும். நெறிமுறைப்படி மின்னணு ஆவணம் என்றால் வழங்கியவரின் செல்லுபடியாகும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும். டிஜிலாக்கர் வழியாக வருவதும் அதில் சேரும். நடைமுறையில் கிளைகள் பிரிண்ட் அவுட்டில் உங்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, இணைப்பு எண்ணைத் தாங்களே சரிபார்க்கும். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டால் நுகர்வோர் பெயர் வந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும் முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். அங்கே எந்தப் பெயர் வருகிறதோ அதுதான் எங்கள் திரையிலும் வரும்.

எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மின்வாரிய மண்டலத்தைக் குறிப்பவை. கோயம்புத்தூருக்கு 03, மதுரைக்கு 05. மதுரை முகவரியுள்ள பில்லில் 03 என்று தொடங்கினால் நிச்சயம் கேள்வி வரும். எழுத்துரு ஒரு வரியில் மட்டும் மாறியிருப்பதும், யூனிட்டும் தொகையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததும் சந்தேகத்தைக் கிளப்புபவை.

பில்லை ஏற்றுக்கொண்டு கணக்கும் தொடங்கிவிட்டார்கள். இனி ஒன்றும் வேண்டாமே?

வேண்டும். பில் கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், புதிய முகவரி ஏறிய ஆறு ஆவணங்களில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். படிவத்தின் பொடி எழுத்தில் இருக்கும் இந்த நிபந்தனையைப் படித்தவர்கள் குறைவு. வங்கி நினைவூட்டும், அதையும் பொருட்படுத்தாவிட்டால் கணக்கில் கட்டுப்பாடு வரலாம்.

உங்கள் பெயரிலுள்ள அதே மின்பில்லை வைத்து ஆதார் முகவரியையும் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பில்லுக்கு மூன்று மாதம் வரை வயது அனுமதி. ஆகவே வங்கிக்குப் பழசாகிப்போன பில்லை ஆதாருக்குப் பயன்படுத்த இன்னும் சில வாரங்கள் இருக்கும்.

மூத்த குடிமக்கள் வட்டி வேண்டும். வயதுக்கும் இந்த பில்லையே சான்றாகக் காட்டலாமா?

பில்லில் உங்கள் பிறந்த தேதி ஏது? வயதுக்கு பான் அட்டையையோ ஆதாரையோ காட்டுங்கள். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால், முழுத் தேதி உள்ள பான் அட்டையே வசதி.